அரங்கும் நேரமும்

ஊர் கூடிப் பேசும் இடத்தை மன்றம் என்றும் பொதியில் என்றும் அம்பலம் என்றும் தமிழ் பெயரிட்டு வழங்கியது. மரநிழலில் இருந்த மன்றுக்கு முன்பதிவு தேவைப்படவில்லை. கூரையும் கதவும் பூட்டும் உடைய இன்றைய அரங்குகளுக்கு அது தேவைப்படுகிறது. யார், எந்நாளில், எத்தனை மணி நேரம் அரங்கைப் பயன்படுத்தினர் என்று எழுதி வைக்கும் பதிவேட்டிலிருந்து மாதந்தோறும் ஓர் அறிக்கை பிறக்கிறது. அவ்வறிக்கையை எழுதும் முறையையும் படிக்கும் முறையையும் ஓர் எடுத்துக்காட்டின் வழியே இப்பாடம் விளக்குகிறது.

ஒரு தீர்மானம் வருகிறது

ஒரு நகரத்தின் பொது நூலகத்தையொட்டி மன்றக் கட்டடம் ஒன்று உள்ளது எனக் கொள்வோம். அதில் மூன்று அரங்குகள். இருநூறு பேர் அமரக்கூடியது பேரரங்கம். அறுபது பேர் அமரக்கூடியது நடுவரங்கம். மாடியில் இருபது நாற்காலிகளும் ஒரு நீள்மேசையும் கொண்டது சிற்றரங்கம். திங்கள் விடுமுறை. ஏனைய ஆறு நாள்களும் காலை பத்து மணி முதல் இரவு எட்டு மணி வரை அரங்குகள் திறந்திருக்கும்.

மன்றத்தின் மேலாண்மைக் குழு கூடுகிறது. நூலகத்தில் புத்தகங்களை வைக்க இடமில்லை. செயலர் கையில் நான்கு வாரங்களுக்கான அரங்கப் பயன்பாட்டு அறிக்கை இருக்கிறது. மூன்று அரங்குகளிலும் குறைவாகப் பயன்படுவது சிற்றரங்கம் என்றும், அதன் பயன்பாடு வெறும் முப்பது விழுக்காடு என்றும், ஆகவே அதை மூடிப் புத்தகக் கிடங்காக ஆக்கிவிடலாம் என்றும் அவர் தீர்மானம் ஒன்றை முன்மொழிகிறார். வாசகர் வட்டம், மகளிர் சுயஉதவிக் குழு, சிறுவர் சதுரங்கப் பயிற்சி, பார்வையற்றோருக்கு நூல் படித்துக் காட்டும் தன்னார்வலர் குழு ஆகியவை அச்சிற்றரங்கில்தான் கூடுகின்றன. அவர்களில் எவரும் மேலாண்மைக் குழுவில் உறுப்பினரல்லர். அவர்கள் சார்பில் அங்கே பேச இருப்பது அவ்வறிக்கையில் உள்ள எண்கள் மட்டுமே.

அந்த எண்கள் சரியாகப் பேசுகின்றனவா என்று பார்ப்போம்.

அறிக்கையின் அமைப்பு

இவ்வகை அறிக்கையில் இரண்டு அளவுகளே அடிப்படை. அரங்கு திறந்திருந்து, எவரும் கேட்டால் கொடுக்கக்கூடிய நிலையில் இருந்த நேரம் கிடைத்த மணி நேரம். அந்நேரத்தில் கூட்டங்களுக்காகச் செலவான நேரம் பயன்பட்ட மணி நேரம். இரண்டாவதை முதலாவதால் வகுத்து நூறால் பெருக்கினால் பயன்பாட்டு விழுக்காடு கிடைக்கும்.

நம் மன்றத்தில் ஓர் அரங்கு ஒரு நாளில் பத்து மணி நேரம் கிடைக்கிறது. நான்கு வாரங்களில் செவ்வாய்க்கிழமை நான்கு முறை வரும். ஆகவே ஓர் அரங்குக்குச் செவ்வாய்தோறும் கிடைத்த நேரம் மொத்தம் 40 மணி. ஆறு நாள்களுக்கும் சேர்த்து ஓர் அரங்குக்கு 240 மணி. மூன்று அரங்குகளுக்கும் சேர்த்து 720 மணி. நாள்காட்டி மாதத்தை விட்டு நான்கு வாரங்களை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சில மாதங்களில் சனிக்கிழமை ஐந்து முறை வரும். சில மாதங்களில் நான்கு முறையே வரும். ஐந்து சனிக்கிழமைகள் உள்ள மாதத்தை நான்கு உள்ள மாதத்தோடு ஒப்பிட்டால், ஒரு கூட்டமும் கூடாமலேயே பயன்பாடு உயர்ந்தது போலத் தோன்றும்.

செயலர் வைத்திருந்த அட்டவணை இது. ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள எண், கிடைத்த 40 மணியில் பயன்பட்ட மணிகளைக் குறிக்கிறது.

| நாள் | பேரரங்கம் | நடுவரங்கம் | சிற்றரங்கம் | மொத்தம் (120 மணியில்) | விழுக்காடு |
|---|---|---|---|---|---|
| செவ்வாய் | 4 | 16 | 8 | 28 | 23 |
| புதன் | 6 | 20 | 10 | 36 | 30 |
| வியாழன் | 4 | 18 | 8 | 30 | 25 |
| வெள்ளி | 10 | 22 | 10 | 42 | 35 |
| சனி | 30 | 34 | 24 | 88 | 73 |
| ஞாயிறு | 34 | 30 | 12 | 76 | 63 |
| மொத்தம் (240 மணியில்) | 88 | 140 | 72 | 300 | – |
| விழுக்காடு | 37 | 58 | 30 | – | 42 |

அட்டவணையைப் பார்த்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை கூட்டிப் பார்ப்பது. குறுக்கே கூட்டினால் வரும் நாள்வாரி மொத்தங்களின் கூடுதலும், நெடுக்கே கூட்டினால் வரும் அரங்குவாரி மொத்தங்களின் கூடுதலும் ஒன்றாக இருத்தல் வேண்டும். இங்கே இரண்டும் 300. எந்தக் கட்டத்திலாவது 40க்கு மேற்பட்ட எண் இருந்தால், ஒரே கூட்டம் இருமுறை பதிவாகியுள்ளது என்றோ திறப்பு நேரத்திற்கு அப்பாலும் கூட்டம் நடந்துள்ளது என்றோ பொருள். அப்படியும் எதுவும் இல்லை. விழுக்காடுகள் முழு எண்ணாக எழுதப்பட்டுள்ளன. இத்தகைய அறிக்கையில் தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கங்கள் எழுதுவது வீண் பகட்டு. கூட்டம் தொடங்கிய நேரத்தையே கால்மணி முன்பின்னாகத்தான் எவரும் எழுதுகின்றனர்.

ஆக, கூட்டல் சரி. ஆயினும் அறிக்கை சரியென்று சொல்லிவிட முடியாது.

நிமிடம் செய்யும் குழப்பம்

கூட்டல் பிழைகள் பெரும்பாலும் அட்டவணைக்கு வருமுன்பே, பதிவேட்டிலேயே நேர்ந்துவிடுகின்றன. இரண்டு மணி முப்பது நிமிடம் நடந்த கூட்டத்தை எழுத்தர் 2.30 என்று எழுதுவார். ஒரு மணி நாற்பத்தைந்து நிமிடம் நடந்ததை 1.45 என்று எழுதுவார். இரண்டையும் சாதாரண எண்களாகக் கூட்டினால் 3.75 வரும். உண்மையில் அது நான்கு மணி பதினைந்து நிமிடம், அதாவது 4.25 மணி. ஒரு மணிக்கு அறுபது நிமிடம் என்பதைத் தசம எண் அறியாது. பதிவேட்டில் 2.75, 1.80 போன்ற எண்களே இல்லாமல் புள்ளிக்குப் பின் எப்போதும் 15, 30, 45 மட்டுமே வருமாயின், அவை நிமிடங்கள் என்று உறுதியாகக் கொள்ளலாம்.

கணினியில் விரிதாள் பயன்படுத்துவோருக்கு வேறொரு பொறி காத்திருக்கிறது. விரிதாள் நேரத்தை ஒரு நாளின் பின்னமாகவே சேமித்து வைக்கிறது. கூட்டுத்தொகை இருபத்து நான்கு மணியைத் தாண்டினால், வழக்கமான `h:mm` வடிவம் முழு நாள்களை விழுங்கிவிட்டு மீதியை மட்டும் காட்டும். சிற்றரங்கின் 72 மணி சரியாக மூன்று நாள்; ஆகவே கட்டத்தில் `0:00` என்று தோன்றும்! நடுவரங்கின் 140 மணி `20:00` என்று காட்டப்படும். இதற்குத் தீர்வு, அக்கட்டத்தின் வடிவத்தை `[h]:mm` என மாற்றுவது. மணியைத் தசம எண்ணாகப் பெற வேண்டுமெனில் கூட்டுத்தொகையை 24ஆல் பெருக்கி, கட்டத்தை எண் வடிவத்திற்கு மாற்ற வேண்டும். சிற்றரங்கை ஒருவரும் பயன்படுத்தவில்லை என்று அறிக்கை சொல்லுமாயின், முதலில் ஐயுற வேண்டியது கட்டத்தின் வடிவத்தைத்தான்.

கிடைக்காத நேரம்

நம் அட்டவணையில் நடுவரங்கின் புதன்கிழமைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். 40 மணியில் 20 மணி பயன்பட்டது, பாதி. ஆனால் அந்த நான்கு புதன்களுள் ஒன்றில் மின்கம்பிகளை மாற்றுவதற்காக நடுவரங்கம் நாள் முழுவதும் பூட்டியிருந்தது. அன்று யார் கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க முடியாது. எனவே கிடைத்த நேரம் 40 மணி அன்று, 30 மணிதான். அதில் 20 மணி பயன்பட்டது என்றால் விழுக்காடு 67.

மூன்றாவது விடையொன்றும் வரக்கூடும். பழுதுபார்க்கும் நாளில் எவரும் பதிவு செய்துவிடக் கூடாது என்பதற்காக, எழுத்தர் அந்நாளைப் பதிவேட்டில் ‘பராமரிப்பு, 10 முதல் 8 வரை’ என்று எழுதி அடைத்து வைப்பது வழக்கம். அது பிறரைத் தடுக்க உதவும் நல்ல வழிதான். ஆனால் மாதக் கடைசியில் பதிவேட்டைக் கூட்டுபவர் அவ்வரியையும் ஒரு கூட்டமாக எண்ணிவிட்டால், பயன்பட்ட நேரம் 30 மணியாகி விழுக்காடு 75 ஆகிவிடும். பூட்டிக் கிடந்த அரங்கு மும்முரமாக இயங்கியதாகக் கணக்கு சொல்லும்.

ஒரே அரங்கு, அதே நான்கு புதன்கள். ஆனால் 50, 67, 75 என மூன்று விடைகள். இவற்றுள் 67தான் சரி. பூட்டிய நேரத்தை மேலேயும் சேர்க்கக் கூடாது, கீழேயும் சேர்க்கக் கூடாது. இப்பிழை அறிக்கையின் கடைசி வரியில் தெரியவே தெரியாது. மொத்தத்தில் 720க்குப் பதிலாக 710ஆல் வகுத்தாலும் 42 விழுக்காடுதான் வரும். கட்டத்திற்குள் பெரிதாக இருக்கும் பிழை மொத்தத்தில் கரைந்துபோகிறது. ஆகவே மொத்தம் மாறவில்லையே என்று எவரேனும் கூறினால், அதைக் கொண்டு கட்டங்களும் சரி என முடிவு செய்துவிடலாகாது.

கிடைத்த நேரம் அரங்குக்கு அரங்கு வேறுபடும்போது இன்னொரு பிழையும் நேர்கிறது. விழுக்காடுகளின் சராசரியை எடுப்பதே அது. ஓர் அரங்கு 10 மணி கிடைத்து 9 மணி பயன்பட்டது, 90 விழுக்காடு. மற்றோர் அரங்கு 90 மணி கிடைத்து 27 மணி பயன்பட்டது, 30 விழுக்காடு. இரண்டின் சராசரி 60 என்று எழுதுவர். உண்மையில் 100 மணியில் 36 மணிதான் பயன்பட்டது. மணிகளைக் கூட்டிய பிறகே வகுக்க வேண்டும்; வகுத்த பிறகு கூட்டக் கூடாது.

பதிவேடும் சாவியும்

இனி, பயன்பட்ட மணி என்பதைப் பார்ப்போம். செயலரின் அட்டவணை முன்பதிவேட்டிலிருந்து எடுக்கப்பட்டது. பதிவு செய்தவர் எல்லாரும் வந்தனரா? இதற்கு விடை முன்பதிவேட்டில் இல்லை; மன்றத்தின் வாயிற்காவலரிடம் இருக்கும் சாவிப் பதிவேட்டில் இருக்கிறது. சாவியை வாங்கியவர் பெயர், வாங்கிய நேரம், திருப்பிக் கொடுத்த நேரம் ஆகியவை அதில் இருக்கும். அழுக்கேறிய அட்டையும் கோணல் எழுத்துமாக இருந்தாலும், அரங்கப் பயன்பாட்டைப் பொறுத்தவரை மன்றத்திலேயே நம்பத்தக்க ஆவணம் அதுவே.

பேரரங்கின் ஞாயிற்றுக்கிழமைகளை இரண்டு பதிவேடுகளிலும் ஒப்பிட்டதில் கண்டவை இவை. முன்பதிவேட்டின்படி 34 மணி. ஒரு ஞாயிறன்று நாள் முழுவதும் பதிவு செய்திருந்த அமைப்பு, முதல்நாள் மாலையில் நிகழ்ச்சியைக் கைவிட்டது. கட்டணம் முன்பே கட்டப்பட்டிருந்ததால் பதிவை எவரும் அடிக்கவில்லை. அதில் 10 மணி போயிற்று. வேறு இரண்டு நிகழ்ச்சிகள் குறித்த நேரத்திற்கு ஒரு மணி முன்னதாகவே முடிந்தன. அதில் 2 மணி. ஆகவே அரங்கு உண்மையில் இயங்கியது 22 மணி மட்டுமே. 85 விழுக்காடாகத் தெரிந்த ஞாயிறு 55 விழுக்காடாகிறது. பேரரங்கின் மற்ற நாள்களில் இரண்டு பதிவேடுகளும் ஒத்திருந்தன. எனவே பேரரங்கின் நான்கு வார மொத்தம் 88இலிருந்து 76ஆகக் குறைகிறது. விழுக்காடு 37இலிருந்து 32ஆக இறங்குகிறது.

சிற்றரங்கின் கணக்கையும் அவ்வாறே ஒப்பிட்டபோது, பதிவான 72 மணியும் நடந்த 72 மணியும் ஒன்றாகவே இருந்தன. வாரந்தோறும் கூடும் சிறு குழுக்கள் தவறாமல் வருகின்றன; வராவிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. இப்போது மன்றத்தின் பெருமையாகக் கருதப்படும் பேரரங்கம் 32. மூடிவிடலாம் என்று முன்மொழியப்பட்ட சிற்றரங்கம் 30. இவ்விரண்டுக்கும் இடையில் ஒன்றை வைத்து மற்றொன்றை மூடும் அளவுக்கு வேறுபாடு இல்லை.

பதிவான மணி, நடந்த மணி இவற்றுள் எதை அறிக்கையில் எழுதுவது? கேள்வியைப் பொறுத்தது அது. புதிதாகக் கேட்பவருக்கு இடம் கிடைக்குமா என்பது கேள்வியானால், பதிவான மணியே பொருந்தும். வராதவர் பெயரில் இருந்தாலும் இடம் அடைபட்டது அடைபட்டதுதான். அரங்கு மக்களுக்குப் பயன்பட்டதா என்பது கேள்வியானால் நடந்த மணி வேண்டும். இரண்டையும் அடுத்தடுத்த இரு நெடுவரிசைகளில் எழுதிவிடுவதே நலம். அவற்றின் இடைவெளியே, கைவிடுவோர் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்ற விதி தேவையா என்பதைக் காட்டிவிடும்.

பேரரங்கிற்கு மட்டும் உரிய ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். இருநூறு நாற்காலிகளை அடுக்கவும், ஒலிபெருக்கி பொருத்தவும், நிகழ்ச்சி முடிந்தபின் கூட்டிப் பெருக்கவும் நேரம் ஆகும். ஒரு நிகழ்ச்சி பத்து முதல் ஒன்று வரை, அடுத்தது இரண்டு முதல் ஐந்து வரை என்றால், இடைப்பட்ட ஒரு மணி நேரம் அறிக்கையில் காலியாகத் தெரியும். அந்த ஒரு மணியை எவருக்கும் கொடுக்க இயலாது. அதனால் பேரரங்கம் ஒருபோதும் நூறு விழுக்காட்டை எட்டாது. ஆயத்த நேரத்தைக் கூட்டத்தோடு சேர்க்காமல், காலியிலும் சேர்க்காமல், தனி வரிசையாகக் காட்டும் மன்றங்களில் இக்குழப்பம் எழுவதில்லை.

எந்த மணி?

நாள், அரங்கு என்ற இரண்டு பக்கங்களிலிருந்தும் செயலரின் அட்டவணை அரங்குகளைக் காட்டிவிட்டது. ஆயினும் பத்து மணி நேர நாள் ஒன்றில் எல்லா மணிகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பகல் பதினொரு மணிக்குச் சதுரங்கம் பயிலச் சிறுவர் வர இயலாது. அவர்கள் பள்ளியில் இருப்பர். வேலைக்குச் செல்லும் மகளிர் பிற்பகல் மூன்று மணிக்குக் குழுக்கூட்டம் வைக்க மாட்டார்கள். ஆகவே சிற்றரங்கின் நேரத்தைப் பகல் (10 முதல் 5), மாலை (5 முதல் 8) என இரண்டாகப் பிரித்துப் பார்ப்போம். மாலையில் கிடைத்தது ஒவ்வொரு நாளுக்கும் 12 மணி. ஆறு நாள்களுக்கு 72 மணி. பகலில் கிடைத்தது 168 மணி.

| நாள் | பகலில் பயன்பட்டது (28 மணியில்) | மாலையில் பயன்பட்டது (12 மணியில்) |
|---|---|---|
| செவ்வாய் | 0 | 8 |
| புதன் | 0 | 10 |
| வியாழன் | 0 | 8 |
| வெள்ளி | 0 | 10 |
| சனி | 12 | 12 |
| ஞாயிறு | 6 | 6 |
| மொத்தம் | 18 (168இல்) | 54 (72இல்) |

பகலில் 11 விழுக்காடு. மாலையில் 75 விழுக்காடு. சனிக்கிழமை மாலையில் ஒரு மணியும் மிச்சமில்லை. செயலர் கூறிய முப்பது என்ற எண் பொய்யன்று; ஆனால் அந்த முப்பது எந்த வேளையிலும் நிகழவில்லை. ஏறத்தாழ வெறுமையாகக் கிடக்கும் பகலையும் நிரம்பி வழியும் மாலையையும் கலந்ததால் பிறந்த எண் அது.

நிரம்பி வழிவது என்றோம். வழிந்தது எவ்வளவு என்பதை எந்தப் பயன்பாட்டு அறிக்கையும் காட்டாது. பயன்பட்ட மணி கிடைத்த மணியைத் தாண்ட முடியாது. நூறு விழுக்காடு என்று எழுதிய கட்டத்திற்கு அப்பால் ஒருவர் காத்திருந்தாரா, பத்துப் பேர் காத்திருந்தனரா என்பது அங்கே மறைந்துவிடுகிறது. அதை அறிய, இடமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட வேண்டுகோள்களையும் எழுதி வைத்திருக்க வேண்டும். பல மன்றங்களில் அவ்வழக்கம் இல்லை. இல்லை என்று சொன்னதை எழுதி வைப்பானேன் என்று எழுத்தர் எண்ணுவது இயல்பே. நம் மன்றத்து எழுத்தர் பதிவேட்டின் கடைசிப் பக்கங்களில் அவற்றைக் குறித்து வைத்திருந்தார். நான்கு வாரங்களில் திருப்பி அனுப்பப்பட்டவை ஒன்பது. அவற்றுள் ஆறு, சிற்றரங்கின் சனிக்கிழமை மாலைக்கானவை. ஒவ்வொன்றும் இரண்டு மணி. கிடைத்த 12 மணிக்கு, கொடுத்த 12 மணியும் மறுத்த 12 மணியுமாக 24 மணி கேட்கப்பட்டிருக்கிறது. ஒரே குழு இரண்டு வாரம் கேட்டு இரண்டு முறையும் திரும்பியிருக்கலாம். எனவே ஆறு வேண்டுகோள் என்பது ஆறு குழுக்கள் ஆகாது. அப்படியிருப்பினும் தேவை இருப்பைப் போல் இருமடங்கு என்பதில் ஐயமில்லை.

நாற்காலிகளின் கணக்கு

மணிக்கணக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அரங்கை அளந்தால், இருநூறு பேர் அமரும் இடத்தில் பன்னிருவர் அமர்ந்து பேசினாலும் அது முழுப் பயன்பாடாகவே எழுதப்படும். பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில் வகுப்பறைகளின் பயன்பாட்டை அளப்பவர்கள் இதற்காக இரண்டு அளவுகளைத் தனித்தனியே எடுத்துப் பின்னர் பெருக்குகின்றனர். கிடைத்த நேரத்தில் எவ்வளவு நேரம் அறை இயங்கியது என்பது முதலாவது. இயங்கிய நேரத்தில் இருக்கைகளில் எத்தனை பங்கு நிரம்பியது என்பது இரண்டாவது. இரண்டின் பெருக்கற்பலனையே அவர்கள் அறையின் பயன்பாடு என்கின்றனர்.

நம் மன்றத்தில் பேரரங்கில் நடந்த கூட்டங்களுக்குச் சராசரியாக வந்தோர் 70 பேர். இருநூறில் 35 விழுக்காடு. நேரம் 32 விழுக்காடு, இருக்கை 35 விழுக்காடு. பெருக்கினால் 11 விழுக்காடு. சிற்றரங்கிற்குச் சராசரியாக வந்தோர் 14 பேர். இருபதில் 70 விழுக்காடு. நேரம் 30 விழுக்காடு, இருக்கை 70 விழுக்காடு; பெருக்கினால் 21 விழுக்காடு. மணிகளை மட்டும் எண்ணியபோது கடைசியில் நின்ற சிற்றரங்கம், நாற்காலிகளையும் எண்ணியபோது பேரரங்கைப் போல் ஏறத்தாழ இருமடங்கு பயன்படுவதாகத் தெரிகிறது.

பெருக்கி வந்த இவ்வெண்ணைக் கொண்டும் அவசரப்படக் கூடாது. ஆண்டு விழாவுக்கும் புத்தக வெளியீட்டுக்கும் இருநூறு இருக்கைகள் தேவைப்படும் நாள்கள் உண்டு. அந்நாள்களுக்காகவே பேரரங்கம் கட்டப்பட்டது. செவ்வாய் முதல் வியாழன் வரை அங்கே நடந்த 14 மணி நேரக் கூட்டங்களுக்கு எத்தனை பேர் வந்தனர் என்று பார்த்து, அறுபதுக்குக் குறைவாயின் அவற்றை நடுவரங்கிற்கு மாற்றலாம். அம்மூன்று நாள்களையும் சேர்த்துப் பார்த்தால் நடுவரங்கில் பாதிக்கு மேல் இடமிருந்தது. பழுதுபார்த்த புதன்கிழமையை விலக்கிப் பார்த்தாலும் கூட்டங்களை ஏற்க அங்கே நேரம் இருந்தது.

திருத்திய அறிக்கை

அடுத்த கூட்டத்திற்குள் எழுத்தர் அறிக்கையைத் திருத்தி எழுதினார். ஒவ்வோர் அரங்குக்கும் கிடைத்த மணி, பதிவான மணி, நடந்த மணி, ஆயத்த மணி ஆகியவை தனித்தனியே எழுதப்பட்டன. பகலும் மாலையும் பிரிக்கப்பட்டன. மறுக்கப்பட்ட வேண்டுகோள்கள் கடைசி வரிசையில் இடம்பெற்றன. செயலர் அதைப் படித்துத் தம் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வேறொன்றை முன்வைத்தார். சிற்றரங்கம் மாலைகளிலும் சனி, ஞாயிறுகளில் நாள் முழுவதும் குழுக்களுக்கே இருக்கட்டும். செவ்வாய் முதல் வெள்ளி வரை எவரும் கேளாத பகல் நேரத்தில், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களுக்கு நூலகத்தின் படிப்பறையாக அது திறந்திருக்கட்டும். இடப்பற்றாக்குறையால் நூலகத்தின் தரையில் அமர்ந்து படித்தவர்கள் அவ்விளைஞர்கள். புத்தகங்களை வைக்கும் சிக்கல் தீரவில்லை. படிப்பவர்கள் மாடிக்குச் சென்றதால் கீழே இரண்டு அலமாரிகள் வைக்க மட்டும் இடம் கிடைத்தது.

தீர்மானம் நிறைவேறியது. எழுத்தர் ஒன்றை மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். செவ்வாய் முதல் வெள்ளி வரையிலான பகல் நேரம், நான்கு வாரங்களுக்கு 112 மணி, இனி குழுக்களுக்குக் கிடைக்காது. சிற்றரங்கின் கிடைத்த மணி 240இலிருந்து 128ஆகக் குறையும். முன்போலவே 72 மணி பயன்பட்டால், அடுத்த அறிக்கையில் விழுக்காடு 56 என்று வரும். கூடுதலாக ஒரு கூட்டமும் நடந்திராது. ஆகவே அடுத்த மாத அட்டவணையின் அடியில் எழுத வேண்டிய வரியை அவர் முன்கூட்டியே எழுதி வைத்தார்: ‘சிற்றரங்கின் கிடைத்த மணி இம்மாதம் முதல் மாற்றப்பட்டுள்ளது, சென்ற மாதத்தின் 30 விழுக்காட்டோடு இதை ஒப்பிடலாகாது.’